சம்பளத்துக்கு 24 மாதம், மனைக்கு முதல் நாள்: பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றும் வரிசை

கேள்வி: கடலூர் நீதிமன்றத்தில் 4,00,000 ரூபாய்க்குத் தீர்ப்பாகி ஒன்றரை வருடம் ஆகிறது. தீர்ப்பு நாளிலிருந்து 6 சதவீத வட்டி, செலவுத்தொகை 34,000. கடனாளி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் ஒரு தனியார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். சம்பளம் 40,000 என்று சொல்கிறார்கள். கடலூரில் ஒரு வங்கிக் கணக்கும் திருவந்திபுரம் பக்கத்தில் 3 சென்ட் மனையும் அவர் பெயரில் இருக்கின்றன. மூன்றில் எதை ஜப்தி செய்தால் பணம் வரும்?

பதில்:

மூன்றிலும் பணம் வரும். ஆனால் மூன்றுக்கும் வரிசை வேறு, வேகம் வேறு. உங்கள் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைப் பிடித்துவிட்டால் போதும், மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும் என்று நினைத்து மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கொடுத்த தொகைகளை வைத்துப் பார்த்தால், சம்பளம் மட்டும் உங்கள் கடனைத் தீர்க்காது என்பது இன்றைக்கே தெரிகிறது. எனவே மனையை முதலில் ஜப்தி செய்து, அதாவது சட்டத்தின் சொல்லில் பற்றுகை செய்து, அசையாமல் நிறுத்துங்கள். அடுத்துச் சம்பளத்துக்குப் போங்கள். வங்கிக் கணக்கைத் தகவல் கையில் வந்தபின் தொடுங்கள். இதுதான் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இன்படி, ஜீவனாம்சத் தீர்ப்பாணை அல்லாத மற்றப் பணத் தீர்ப்பாணைகளில், ஒருவருடைய மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் கடனாளிக்கு 40,000 சம்பளம் என்றால், 1,000-ஐக் கழித்தபின் 39,000 நிற்கும்; அதில் மூன்றில் ஒரு பங்கான 13,000 ரூபாய்தான் மாதந்தோறும் நீதிமன்றத்துக்கு வரும். இந்தக் கணக்கு பலருக்கும் தெரியும். இதற்கு அடுத்த வரிதான் பலருக்கும் தெரியாது. ஒரே தீர்ப்பாணையின்கீழ் ஒருவருடைய சம்பளம் தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதங்கள் பற்றுகையில் இருந்துவிட்டால், அதன்பின் அந்தத் தீர்ப்பாணைக்காக அந்தச் சம்பளத்தை மறுபடியும் பற்றவே முடியாது. 12 மாத இடைவெளி விட்டு மீண்டும் பற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த இடைவெளி, பற்றுகை வெவ்வேறு தீர்ப்பாணைகளின்கீழ் நடந்த இடத்துக்கு உரியது. ஒரே தீர்ப்பாணையில் 24 மாதம் முடிந்தால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

இப்போது உங்கள் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். அசல் 4,00,000, ஒன்றரை வருட வட்டி 36,000, செலவுத்தொகை 34,000, ஆக இன்றைய பாக்கி 4,70,000. மாதம் 13,000 வீதம் 24 மாதங்களில் வருவது 3,12,000. வருகிற பணம் முதலில் வட்டிக்கும் செலவுக்கும் போய், பிறகுதான் அசலைக் குறைக்கும் என்பதால், முதல் ஆறு மாதப் பணமும் ஏழாவது மாதத்தில் ஒரு பகுதியும் அசலைத் தொடாமலே கரையும். அந்த இரண்டு வருடத்தில் புதிதாக ஏறத்தாழ 40,000 வட்டியும் சேரும். ஆகவே 24-ஆவது மாதம் முடியும்போது உங்களுக்கு இன்னும் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டியிருக்கும்; சம்பளமோ உங்கள் தீர்ப்பாணைக்குக் கைநழுவிப் போயிருக்கும். அந்த 2 லட்சத்துக்கு ஈடாக நிற்கக்கூடியது மனைதான். அதற்குள் அதை அவர் மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றிவிட்டால் உங்கள் கையில் தீர்ப்பு நகல் மட்டும்தான் இருக்கும்.

மனையிலிருந்தே தொடங்குகிறேன். இனி நான் சொல்லும் விதிகள் எல்லாம் அதே சட்டத்தின் கட்டளை 21-இல் உள்ளவை. அசையாச் சொத்தைக் கட்டளை 21, விதி 54-இன்படி பற்றும்போது, அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேறு எவ்விதத்திலும் கைமாற்றவோ கூடாது என்று கடனாளிக்கும், அவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளக்கூடாது என்று மற்ற எல்லோருக்கும் நீதிமன்றம் தடை விதிக்கிறது. அமீனா அந்த இடத்துக்குப் போய்த் தண்டோரா போடவேண்டும், ஆணையின் நகலை மனையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவேண்டும், நீதிமன்றத்திலும் ஒட்டவேண்டும். திருவந்திபுரம் கடலூரை ஒட்டியே இருப்பதால் இது கடலூர் நீதிமன்றத்திலேயே நடக்கும், எங்கும் அனுப்பவேண்டியதில்லை. மனுவில் சொத்து விவரம் எழுதும்போது புல எண், உட்பிரிவு எண், நான்கு எல்லைகள், அளவு எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும். நான்கு எல்லைகளில் ஒன்று மாறியிருந்தாலும் அமீனா, சொத்து அடையாளம் தெரியவில்லை என்று அறிக்கை போட்டுத் திருப்பிவிடுவார். அதற்குள் இரண்டு வாய்தா போய்விடும். பழைய பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் எடுத்துவைத்துக்கொண்டு அதன்படி எழுதினால் இந்தச் சிக்கல் வராது. வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம்.

வில்லங்கச் சான்றில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வங்கி அடமானம் ஏற்கெனவே இருந்தால், அடமானத் தொகை போக மீதிதான் உங்களுக்கு ஈடு. இரண்டாவது, விற்பனை ஒப்பந்தம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு 64-இன்படி பற்றுகைக்குப் பிறகு கடனாளி செய்யும் விற்பனை உங்கள் உரிமைக்கு எதிராகச் செல்லாது. ஆனால் பற்றுகைக்கு முன்பே ஒப்பந்தம் செய்து பதிவும் செய்திருந்தால், அதன்படி பின்னால் எழுதப்படும் விற்பனைப் பத்திரத்துக்கு அந்தப் பிரிவு காப்புக் கொடுக்கிறது. பற்றுகையின் நாள் இங்கே மிக முக்கியம் ஆவது இதனால்தான். ஆணை வந்ததும் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். அடுத்தமுறை எடுக்கும் வில்லங்கச் சான்றில் நீதிமன்றப் பற்றுகை என்ற வரி தெரிந்தால்தான், அந்த மனையை வாங்க வருகிறவர் பின்வாங்குவார். தடையைச் சட்டம் போடுகிறது. நடைமுறையில் வேலை செய்வது அந்த ஒரு வரிதான்.

மனை பற்றுகையில் நின்றபின், இன்றே ஏலம் விடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது மனையை விற்கச் சொன்னால், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று அவர் வாதிடுவார், நீதிமன்றமும் அவசரப்படாது. மீதி எவ்வளவு என்பது தெளிவான பிறகு விற்பனைக்குக் கேட்டால் உங்கள் நிலை வலுவாக இருக்கும்.

சம்பளத்துக்கு வருவோம். நீங்கள் கடலூரில் தீர்ப்பு வாங்கியிருக்கிறீர்கள். சம்பளம் கொடுக்கும் அதிகாரி முள்ளோடை எல்லையைத் தாண்டி, புதுச்சேரியில் இருக்கிறார். அரசு ஊழியர், உள்ளாட்சி ஊழியர், ரயில்வே ஊழியர், நெய்வேலி என்.எல்.சி. போன்ற அரசு நிறுவன ஊழியர் இவர்களுக்கு விதி 48 பொருந்தும். சம்பளம் கொடுக்கும் அதிகாரி எந்த ஊரில் இருந்தாலும், தீர்ப்பளித்த நீதிமன்றமே அவருக்கு நேரடியாக ஆணை அனுப்பலாம். தனியார் நிறுவன ஊழியருக்கு உரியது விதி 48-ஏ. இதில் சம்பளம் கொடுக்கும் அதிகாரி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கவேண்டும். கடலூர் நீதிமன்றம் புதுச்சேரித் தொழிற்சாலைக்கு ஆணை அனுப்பினால் அவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம்; அப்படி விட்டதை நீங்கள் குற்றமாகச் சொல்ல முடியாது. பலருடைய மனு ஒரு வருடம் கிடந்து கடைசியில் விழுவது இந்த இடத்தில்தான்.

எனவே கடலூர் நீதிமன்றத்தில் பிரிவு 39-இன்கீழ் மாற்று மனு ஒன்று போட்டு, தீர்ப்பாணையைப் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அனுப்பும்போது தீர்ப்பாணையின் நகலோடு, கடன் தீரவில்லை என்றும், ஏதாவது வந்திருந்தால் எவ்வளவு வந்தது என்றும் காட்டும் சான்றையும் சேர்த்து அனுப்புவார்கள். மாநிலம் வேறு, யூனியன் பிரதேசம் வேறு என்பது இதற்குத் தடையாக இருக்காது. நீதிமன்றம் நீதிமன்றத்துக்கு நேரடியாகவே அனுப்பும், இரண்டுமே சென்னை உயர் நீதிமன்றத்தின்கீழ் வருபவை. புதுச்சேரியில் எண் பதிவானதும் அங்கே நிறைவேற்று மனு போட்டு, விதி 48-ஏ-இன்கீழ் ஆணை கேட்கவேண்டும். இங்கே மனை, அங்கே சம்பளம் என்று ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நிறைவேற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மாற்று மனுவிலேயே மனைப் பற்றுகையைப் பற்றி வெளிப்படையாக எழுதி, இரண்டையும் தொடர அனுமதி கேட்டுவிடுங்கள். பின்னால் கடனாளியின் வழக்கறிஞர் அதை ஒளித்துவைத்த விஷயம்போல எடுத்து நீட்டுவதற்கு இடம் கொடுக்கவேண்டாம்.

தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு வருடம் தாண்டி நிறைவேற்று மனு போட்டால், விதி 22-இன்படி கடனாளிக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பவேண்டிவரும். மனையை மாற்றிவிட நினைப்பவருக்கு அந்த அறிவிப்பே எச்சரிக்கை மணியாகிவிடும். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மொத்தக் காலவரம்பு 12 வருடம் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அது உண்மைதான் என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஆணை தொழிற்சாலைக்குப் போனபிறகு என்ன நடக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில் கடனாளியின் மொத்தச் சம்பளம் 28,000. கணக்குப்படி மாதம் 9,000 வரவேண்டும். ஆனால் நீதிமன்றக் கணக்கில் ஏறியது 4,100. முதல் மாதம் விடுப்பில் இருந்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தவறு. ஏழு மாதம் அதே 4,100. சம்பளப் பட்டியலை வரவழைத்துப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. கூட்டுறவுக் கடன், பண்டிகை முன்பணம், நண்பர் ஒருவருக்குப் போட்ட ஜாமீன் பிடித்தம் என்று எல்லாவற்றையும் முதலில் கழித்து, கையில் வரும் 13,300-ஐச் சம்பளமாக எடுத்து, அதில் 1,000-ஐக் கழித்து மூன்றால் வகுத்திருந்தார்கள். சட்டத்தில் சம்பளம் என்பது ஒருவர் வேலையிலிருந்து பெறும் மொத்த மாத ஊதியம். அரசு அறிவிக்கையால் விலக்கப்பட்ட படிகள் அரசு ஊழியர் போன்றோருக்கு அதில் சேராது. தனியார் ஊழியருக்கு அந்த விலக்கும் கிடையாது. தானாக விரும்பி வாங்கிய கடனுக்கான பிடித்தத்தால் உங்கள் பங்கு குறையாது.

அந்த ஏழு மாதத்தில் எனக்கு வராமல்போனது 34,300. அதைவிட உறுத்தியது வேறொன்று. பற்றத்தக்க பங்கில் ஏதாவது ஒரு பகுதி பற்றுகையில் இருந்தாலே அந்த மாதம் 24 மாதக் கணக்கில் சேர்ந்துவிடும். சட்டத்தின் சொற்கள் அப்படி. அதாவது குறைவாக வந்த மாதங்களும் செலவான மாதங்களே. கடைசியில், ஆணைக்கு மாறாக ஊழியருக்குக் கொடுத்த தொகைக்கு நிறுவனமே பொறுப்பு என்ற விதியைக் காட்டி அறிவிப்பு அனுப்பியபின், அவர்கள் வித்தியாசத் தொகையைக் கட்டினார்கள். நீங்கள் இந்தச் சுற்றுவழியில் போகவேண்டாம். ஆணையில் ‘மொத்த ஊதியத்தில் 1,000 போக மூன்றில் ஒரு பங்கு’ என்று ரூபாயோடு எழுதச் சொல்லுங்கள். முதல் மாதப் பணம் கட்டப்பட்ட உடனேயே நீதிமன்ற வைப்புக் கணக்கில் தொகையைச் சரிபாருங்கள்.

இன்னொரு தடையும் வரலாம். கடன் கொடுத்த வேறொருவர் முன்பே அவர் சம்பளத்தைப் பற்றியிருந்தால், நிறுவனம் உங்கள் ஆணையை முழு விவரத்தோடு திருப்பி அனுப்பவேண்டும். அந்த விவரத்தில் முந்தைய பற்றுகை எந்த மாதம் தொடங்கியது என்று இருக்கும். அதை வைத்து 24 மாதம் எப்போது முடியும், அதற்குப் பின்னால் வரும் 12 மாத விலக்கு எப்போது தீரும் என்று கணக்கிட்டால், உங்கள் முறை எப்போது வரும் என்பது தெரிந்துவிடும். வெறும் ‘ஏற்கெனவே பிடித்தம் உள்ளது’ என்று ஒரு வரிப் பதில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், விவரம் கேளுங்கள். சிலசமயம் அந்த முந்தைய பிடித்தம் நீதிமன்றப் பற்றுகையே அல்ல, சாதாரணக் கடன் தவணை என்று தெரியவரும்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கில் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம் வங்கி அவருக்குத் தரவேண்டிய கடன். விதி 46-இன்படி அதை அவருக்குக் கொடுக்காதே என்று தடை ஆணை பெற்று, விதி 46-ஏ-இன்கீழ் வங்கிக்கு அறிவிப்பு அனுப்பினால், வங்கி அந்தத் தொகையை நீதிமன்றத்தில் கட்டவேண்டும், அல்லது ஏன் கட்டமுடியாது என்று பதில் சொல்லவேண்டும். ஆணை வங்கியைச் சேரும் நாளில் கணக்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது பிடிக்கும். நாளை விழப்போவதைப் பிடிக்காது. சம்பளம் விழுந்த மூன்றாம் நாளே எடுத்துவிடுகிற கணக்கில் மாதக் கடைசியில் ஆணை போனால் 612 ரூபாய் இருக்கும், அவ்வளவுதான். சம்பளம் விழும் கணக்கைத் தொட்டால், அதே சம்பளத்தின் பாதுகாக்கப்பட்ட பங்கையும் சேர்த்துப் பறிக்கிறார்கள் என்று தகராறு எழும். ஓய்வூதியம், பணிக்கொடைத் தொகை என்றால் வங்கிக்கு வந்து வைப்புநிதியாக மாறிய பின்னும் பாதுகாப்புத் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருங்கால வைப்புநிதிக்கும் விலக்கு உண்டு. உங்களுக்குப் பயன்படக்கூடியது அவர் பெயரில் தனியாக ஏதாவது நிலையான வைப்பு இருந்தால்தான்.

அது இருக்கிறதா என்று அறிய விதி 41 இருக்கிறது. தீர்ப்பாணைத் தொகை 30 நாள் கட்டப்படாமல் இருந்தாலே, சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கடனாளிக்கு ஆணையிடச் சொல்லி நீங்கள் கேட்கலாம். கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த மனுவை மனைப் பற்றுகை முடிந்த அடுத்த வாரமே போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். சொத்துக்களைக் காட்டு என்ற ஆணை கையில் கிடைத்ததும் சிலர் செய்யும் முதல் காரியம் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போவதுதான்.

இனி ஏலம். சம்பளப் பற்றுகை ஓடி முடிந்து, சுமார் 2 லட்சம் மீதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விதி 66-இன்கீழ் விற்பனை அறிவிப்புத் தயாராகும். அதில் நீங்கள் சொல்லும் மதிப்பும் அவர் சொல்லும் மதிப்பும் இரண்டும் இடம்பெறலாம். அறிவிப்பை நீதிமன்றத்தில் ஒட்டி 15 நாளாவது கழியாமல், அவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, ஏலம் நடக்கக்கூடாது. கடனைத் தீர்க்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சொத்தை விற்கவேண்டும் என்பது விதி 64. 3 சென்ட் மனையைப் பிரித்து விற்க வழியில்லை என்பதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்ட ஏலங்கள் பின்னால் ரத்தாகியிருக்கின்றன. ஏலம் எடுத்தவர் அன்றே 25 சதவீதமும், 15 நாளுக்குள் மீதியும் கட்டவேண்டும். தவறினால் மறு ஏலம். நீங்களே எடுக்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். அனுமதியோடு எடுத்தால் உங்களுக்கு வரவேண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஏல நாளிலிருந்து 60 நாளுக்குள் கடனாளி உங்கள் பாக்கியையும், எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் விற்பனை ரத்தாகும். நான் பார்த்தவரை, பாதிக்குமேல் ஏலம்வரை போகவே போகாது. ஏலத் தேதி குறித்ததும் பணம் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும்.

அப்படிப் பணம் வரும்போது கையில் வாங்கினாலும் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதியாத பணத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது என்பதால், பின்னாளில் வீண் சச்சரவு வரும்.

கடைசியாக ஒரு விஷயம், மனைப் பற்றுகைக்கு இதுதான் உயிர். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது; தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் அதை மேலும் வலியுறுத்தியது. உங்கள் நன்மைக்கே வந்த வழிகாட்டுதல்தான். ஆனால் அதன் பக்கவிளைவாக, சம்பளம் வந்துகொண்டிருக்கிறது என்ற காரணத்தால் கடலூரில் உள்ள உங்கள் மனுவை முடித்துவைக்க நீதிமன்றம் முனையலாம். விதி 57-இன்படி, மனுவைத் தள்ளுபடி செய்யும்போது பற்றுகை தொடருமா, எந்தத் தேதிவரை தொடரும் என்று ஆணையில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பற்றுகை அன்றோடு நின்றுவிட்டதாகவே சட்டம் கருதும். ஆணை பிறப்பிக்கும் அன்று உங்கள் வழக்கறிஞர் எழுந்து அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கவேண்டும். நகல் கைக்கு வந்ததும், ‘பற்றுகை இந்தத் தேதிவரை தொடரும்’ என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.